யாருடைய மெட்டு? மோட்சார்ட்டின் டி மைனர் கன்செர்டோவைக் கேட்பது எப்படி

1785 பிப்ரவரி 11, வெள்ளிக்கிழமை. சால்ஸ்பர்க்கிலிருந்து மகனைப் பார்க்க வந்த லியோபோல்ட் மோட்சார்ட் அன்றுதான் வியன்னா வந்து சேர்ந்திருந்தார். அன்று மாலையே நகரின் மேல்குரூபே அரங்கில் மகனின் கச்சேரி. சில நாள் கழித்து மகளுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்கிறார்: வீட்டுக்குள் நுழைந்தபோதும் நகலெடுப்பவர் இசைக்குழுவுக்கான தாள்களை எழுதிக்கொண்டுதான் இருந்தார். அதை மேற்பார்க்கவே நேரம் போய்விட்டதால் கடைசிப் பகுதியை ஒருமுறை வாசித்துப் பார்க்கக்கூட மோட்சார்ட்டுக்கு அவகாசமில்லை. அந்த நிலையில் மேடையேறிய படைப்புதான் பியானோவுக்கான இருபதாவது கன்செர்டோ, டி மைனர் சுருதியில் அமைந்தது. மோட்சார்ட் படைப்புகளின் பட்டியலில் அதன் எண் 466.

கன்செர்டோ என்றால் ஒரு தனி வாத்தியக்காரரும் ஒரு முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. பெரும்பாலும் மூன்று பகுதிகள்: விரைவாக ஒன்று, நிதானமாக ஒன்று, மறுபடி விரைவாக ஒன்று. இவ்வளவுதான் அறிமுகத்துக்குத் தேவை. இதை மட்டும் வைத்துக் கேட்கப் போனால், ‘தனி வாத்தியக்காரர் திறமை காட்டுகிறார், மற்றவர்கள் துணை வாசிக்கிறார்கள்’ என்றுதான் தோன்றும். மோட்சார்ட்டின் கன்செர்டோக்களில் அப்படி நடப்பதில்லை. அங்கே இரு தரப்புக்கும் இடையே ஒரு பங்கீடு நடக்கிறது. எந்த மெட்டு யாருக்கு, எதை யார் தொடங்கி யார் முடிப்பது, எதைக் கடைசிவரை ஒருவர் இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்பதுதான் அங்கே கதை. டி மைனர் கன்செர்டோவின் முதல் பகுதியில் அந்தக் கதை மற்ற எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் கேட்கிறது. சுமார் பதினான்கு நிமிடம் நீளும் அந்த ஒரு பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இசைக்குழு தனியாகத் தொடங்குகிறது. பியானோ முன் உட்கார்ந்திருப்பவர் இரண்டு நிமிடத்துக்கும் மேல் தமக்கென்று எதையும் வாசிப்பதில்லை. தொடக்கத்தில் மெட்டு என்று முணுமுணுக்கக்கூடியது எதுவும் கிடையாது. வயலின்களும் வயோலாக்களும் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப, தட்டு விழும் இடத்தில் விழாமல் அரை இடம் தள்ளித் தள்ளி, மெல்ல வாசிக்கின்றன. கீழே செல்லோக்களும் டபுள் பாஸ்களும் மூன்று வேகமான சுரங்களை உருட்டி மேலே ஏற்றி ஒரு சுரத்தில் நிறுத்துகின்றன. மறுபடி உருட்டி மறுபடி நிறுத்துகின்றன. அடியிலிருந்து ஓர் உறுமல் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் தாளம் எங்கே இருக்கிறது என்று காது உறுதி செய்துகொள்ள முடியவில்லை. சிறிது நேரத்தில் டிரம்பெட்டும் டிம்பனியும் உட்பட முழுக்குழுவும் திடீரென்று உரக்க வெடிக்கிறது. அந்த உறுமலையும் அந்தத் தள்ளலையும் காதில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவை இசைக்குழுவின் சொத்து.

வெடிப்புக்குப் பிறகு வேறொன்று வருகிறது. ஓபோக்களும் பாசூன்களும் ஒரு சிறு கேள்விபோல ஒன்றை எழுப்ப, புல்லாங்குழல் அதற்குப் பதில் சொல்கிறது. கணநேரம் எஃப் மேஜர் சுருதியின் வெளிச்சம் எட்டிப் பார்க்கிறது. உடனே மறைகிறது. இசைக்குழு மீண்டும் டி மைனருக்கே திரும்பிவிடுகிறது.

இந்தத் திரும்பல் முக்கியம். அன்றைய சிம்பொனி ஒன்றில் இந்த இடத்தில் இசை வேறொரு சுருதிக்கு உறுதியாகக் குடிபெயர்ந்திருக்கும். கன்செர்டோவில் இசைக்குழுவின் முன்னுரை பெரும்பாலும் வீட்டைவிட்டு வெளியே போகாது. பொருள்களையெல்லாம் எடுத்து முன்னால் வைக்கும், பயணத்தைத் தொடங்காது. பயணத்தைத் தொடங்குவது தனி வாத்தியக்காரரின் வேலை. பியானோ வந்து, அதே பொருள்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, புதிதாகச் சிலவற்றைச் சேர்த்து, இசையை டி மைனரிலிருந்து எஃப் மேஜருக்கு அழைத்துச் செல்லும். இசைக்குழு சொன்னதைப் பியானோ ஏன் மறுபடி சொல்ல வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. இரண்டாம் முறை சொல்லும்போது கதை நகர்கிறது.

சரி, பியானோ எப்படி நுழைகிறது? கேட்பவர் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: இவ்வளவு கொந்தளிப்புக்குப் பிறகு பியானோ அந்த உறுமலை எடுத்துக்கொண்டு வீறுடன் வரும். மோட்சார்ட் அதைச் செய்யவில்லை. இசைக்குழு அடங்கி ஓய, அதுவரை யாரும் வாசிக்காத ஒரு மெட்டைப் பியானோ துணை எதுவும் இல்லாமல் மெதுவாகத் தொடங்குகிறது. ஒரு சுரத்திலிருந்து அதே சுரத்தின் மேல் ஸ்தாயிக்கு ஒரு தாவல், பிறகு தயங்கித் தயங்கி இறங்குதல். ஒரு மனிதர் தனக்குள் பேசிக்கொள்வதுபோன்ற வாக்கிய அமைப்பு. தாளம் இங்கே தள்ளிப்போவதில்லை, நேராக விழுகிறது. இசைக்குழு சொன்ன எதற்கும் இது பதில் அல்ல. வேறொருவர் வேறொரு விஷயத்தோடு வந்திருக்கிறார்.

இந்த மெட்டை இசைக்குழு கடைசிவரை தொடுவதே இல்லை. அதேபோல, தொடக்கத்தில் தள்ளித் தள்ளி வந்த அந்த இசையைப் பியானோவும் அப்படியே வாசிப்பதில்லை. நுழைவு மெட்டு முடிந்ததும் குழு அதை மறுபடி தொடங்குகிறது. பியானோ அதன்மேல் வேகமான சுரக் கோவைகளைப் போர்த்துகிறது, மேலே ஓடுகிறது, சூழ்ந்துகொள்கிறது. ஆனால் அந்தத் தள்ளலும் உறுமலும் வயலின்களிடமும் பாஸ்களிடமும்தான் இருக்கின்றன. இரு தரப்பும் ஒரே அறையில், தத்தம் பொருளைக் கையில் பிடித்தபடி நிற்கின்றன.

எல்லாமே இப்படிப் பிரிந்து கிடந்தால் படைப்பு இரண்டாக உடைந்துவிடும். அதனால் பொதுச் சொத்தும் உண்டு. ஓபோவும் பாசூனும் கேட்க, புல்லாங்குழல் பதில் சொன்னதல்லவா? அது இப்போது திரும்ப வருகிறது. கேள்வி அதே வாத்தியங்களிடம் இருக்கிறது, பதிலைப் பியானோ சொல்கிறது. அந்த உரையாடலின் வழியாகவே இசை எஃப் மேஜரை அடைகிறது. அங்கே பியானோ இன்னொரு புது மெட்டைத் தொடங்க, அதைக் காற்று வாத்தியங்கள் வாங்கித் தாமும் வாசிக்கின்றன. முழுப் பகுதியிலும் இரு தரப்பும் இணக்கமாக இருப்பது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனாலேயே, பகுதியின் கடைசிப் பங்கில் அதே மெட்டு எஃப் மேஜரின் வெளிச்சத்தை இழந்து டி மைனரில் திரும்ப வரும்போது அவ்வளவு வலிக்கிறது. சுரங்களின் வரிசை கிட்டத்தட்ட அதேதான். மகிழ்ச்சி மட்டும் இல்லை.

நடுப்பங்கு, அதாவது எல்லாப் பொருள்களையும் கலைத்துப் பார்க்கும் பங்கு, இந்தப் பிரிவினையை இன்னும் கூர்மையாக்குகிறது. பியானோ தன் நுழைவு மெட்டை எஃப் மேஜரில் வாசிக்கிறது. இசைக்குழு உறுமலோடு குறுக்கிடுகிறது. பியானோ அதே மெட்டை ஜி மைனரில் மறுபடி சொல்கிறது. மறுபடி உறுமல். மூன்றாம் முறை ஈ ஃபிளாட் மேஜரில். ஒவ்வொரு முறையும் பியானோ வேறொரு சுருதியில் முறையிட, குழு ஒரே பதிலைத்தான் தருகிறது. ஒருவர் மெட்டை இன்னொருவர் எடுத்துக்கொள்வதற்கான வாய்ப்பு மூன்று முறை வருகிறது, மூன்று முறையும் அது நடப்பதில்லை. பிறகு பியானோ மெட்டையே விட்டுவிட்டு ஓட்டமான சுரக் கோவைகளில் இறங்கிவிடுகிறது.

இன்றைய அரங்கில் இதைக் கேட்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மோட்சார்ட்டின் பியானோ ஐந்து ஸ்தாயி மட்டுமே கொண்டது, உடல் மரம், இரும்புச் சட்டம் கிடையாது, நாதம் மெல்லியது, சீக்கிரம் அடங்குவது. பியானோவும் குழுவும் ஒரே சமயத்தில் முழு வலிமையோடு வாசித்தால் பியானோ காணாமல் போய்விடும். மோட்சார்ட் பியானோவை முழுக்குழுவுடன் மோதவிடுவது அரிது. குழு உரக்க வாசிக்கும்போது பியானோவுக்குத் தனி வேலை இல்லை, பியானோ பேசும்போது குழு மெலிந்துவிடுகிறது. மாறிமாறிப் பேசும் அந்த அமைப்புக்கு வாத்தியத்தின் பலவீனமும் ஒரு காரணம். பெரிய கறுப்புப் பியானோவில் வாசிப்பவர் இதை மறந்து எல்லா இடத்தையும் நிறைத்தால், இரு தரப்புக்கும் இடையிலான பேரம் காதுக்கு எட்டாது.

இனி கடென்சா. பகுதியின் முடிவு நெருங்கும்போது இசைக்குழு பெரிதாக எழுந்து ஓர் இடத்தில் சட்டென்று நின்றுவிடும். மௌனம். பியானோக்காரர் மட்டும் தனியாக வாசிக்கத் தொடங்குவார். ஒன்றிரண்டு நிமிடம், சில சமயம் மூன்று. பிறகு குழு சேர்ந்துகொண்டு முடித்துவைக்கும். நம் கச்சேரியில் மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் விடுவதும், மோராவும் கோர்வையும் வைத்து எடுப்பில் பாட்டுக்குத் திரும்புவதும் பழகிய காதுக்கு இந்த ஏற்பாடு அன்னியமாக இருக்காது. ஆனால் எந்த இடத்தில் அந்தத் தனி விடப்படுகிறது என்பதில் கடென்சாவுக்கு ஒரு கணக்கு உண்டு, அதைத் தெரிந்துகொண்டால்தான் அதன் பயன் புரியும்.

டி சுரத்தை ‘ஸ’ என்று வைத்துக்கொள்வோம். குழு நிற்கும் இடத்தில் மேலே கேட்பது ஸ, க, ப சேர்ந்த வீட்டுச் சுரக்கூட்டுதான். ஆனால் அடியில் பாஸ் வாத்தியங்கள் பிடித்திருப்பது ‘ஸ’ அல்ல, ‘ப’. வீட்டுக்கு வந்துவிட்டோம், ஆனால் கால் இன்னும் தரையில் படவில்லை. காது இரண்டு அடிகளை எதிர்பார்க்கிறது: மேலே இருக்கும் சுரங்களும் இறங்கி ‘ப’வைச் சேர்ந்த சுரக்கூட்டாக மாற வேண்டும், அதன் பிறகு அடியும் மேலும் ‘ஸ’வில் வந்து அமர வேண்டும். சாதாரணமாக இது ஒரு நொடி வேலை. கடென்சா அந்த இரண்டு அடிகளுக்கும் முன்னால் நிற்கும் கணத்தைப் பிடித்து நீட்டுகிறது. எவ்வளவு நீட்டினாலும், காதுக்குள் அந்த ‘ப’ ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் பியானோக்காரர் ‘ரி’யில் ஒரு நீண்ட ட்ரில் வைப்பார். ரியும் கவும் வேகமாக மாறிமாறி அதிரும். அதுதான் குழுவுக்கு அடையாளம். அடுத்த அடியில் எல்லோரும் சேர்ந்து ‘ஸ’வில் இறங்குவார்கள்.

ஆகவே கடென்சா படைப்புக்கு நடுவே செருகிய வித்தை அல்ல. முடியப்போகும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன் எடுத்துக்கொண்ட மூச்சு. ஜெர்மனியில் புல்லாங்குழல் ஆசானாக இருந்த குவான்ட்ஸ் 1752-இல் வெளியிட்ட நூலில், பாடகரும் காற்று வாத்தியக்காரரும் கடென்சாவை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று விதி சொல்கிறார். விசை வாத்தியங்களுக்கு மூச்சுக் கட்டுப்பாடு கிடையாது என்பதால் பியானோவில் அது வளர்ந்தது. வளர்ந்ததோடு ஆபத்தும் வந்தது. மிக நீண்டுவிட்டால், மிகத் தொலைவான சுருதிகளுக்குப் போய் அங்கே தங்கிவிட்டால், அந்த ‘ப’ காதிலிருந்து அழிந்துவிடும். பிறகு குழு சேரும்போது தரையிறங்கிய நிறைவு இருக்காது, வேறு ஏதோ ஒன்று தொடங்கியதுபோல் இருக்கும். ஒரு கடென்சா சரியாக அமைந்ததா என்று அறிய இசைப் படிப்பு தேவையில்லை. ட்ரில் வந்ததும் உடம்பு தானாக முன்னால் சாய்கிறதா என்று பார்த்தால் போதும்.

மோட்சார்ட் தம்முடைய கன்செர்டோக்கள் பலவற்றுக்கு எழுதிய கடென்சாக்கள் இன்றும் கிடைக்கின்றன. அக்காவுக்காகவும் மாணவர்களுக்காகவும் அப்படி எழுதித் தந்திருக்கிறார். தாமே மேடையில் உட்காரும்போது எழுதி வைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. கிடைப்பவற்றைப் பார்த்தால் அவர் வழி தெரிகிறது: படைப்பிலிருந்தே ஒன்றிரண்டு பொருள்களை எடுப்பார், அவற்றைக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பார், வீட்டுச் சுருதியைவிட்டு வெகுதூரம் போகமாட்டார், ஓட்டமான சுரங்களோடு ட்ரில்லுக்கு வந்துவிடுவார். ஆனால் டி மைனர் கன்செர்டோவுக்கு அவர் எழுதிய கடென்சா எதுவும் கிடைக்கவில்லை. 1785-இன் அந்த வெள்ளிக்கிழமை மேல்குரூபேயில் அந்த மௌனத்துக்குப் பிறகு அவர் கைகள் வாசித்தது போய்விட்டது.

அந்த வெற்றிடத்தில்தான் பிற்காலத்தவர்கள் நுழைந்தார்கள். அவர்களில் முதன்மையானவர் பீத்தோவன். அவருக்கு இந்தக் கன்செர்டோ மிகவும் பிடித்தமானது. 1795 மார்ச் மாதம், மோட்சார்ட்டின் மனைவி கான்ஸ்டன்ஸே வியன்னாவில் ஏற்பாடு செய்த நிகழ்ச்சியில் அவரே மோட்சார்ட்டின் கன்செர்டோ ஒன்றை வாசித்தார். அது இதுதான் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். முதல் பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் அவர் கடென்சாக்கள் எழுதி வைத்தார். இன்று மேடையில் அதிகம் கேட்கக் கிடைப்பது அவருடையதுதான்.

பீத்தோவனின் கடென்சா தொடங்கும் விதத்தைக் கவனியுங்கள். வலக்கையில் ட்ரில். கடென்சாவின் முடிவைக் குறிக்க வேண்டிய அடையாளத்தை எடுத்து அவர் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறார். அதற்கு அடியில் இடக்கையில் செல்லோக்களும் பாஸ்களும் உருட்டிய அந்த மூன்று சுர உறுமல். பகுதி முழுவதும் குழுவிடமே இருந்த பொருள், குழு வாய்மூடி நிற்கும் நேரத்தில் பியானோவின் கைக்கு வந்துவிடுகிறது. முன்பு இரு தரப்பாகப் பிரிந்து கிடந்ததெல்லாம் இப்போது ஒரே மனிதரின் இரண்டு கைகளில். பிறகு அவர் பாடும் தன்மையுள்ள மெட்டு ஒன்றை டி மைனரிலிருந்து வெகு தொலைவான சுருதிக்குக் கொண்டுபோகிறார். மோட்சார்ட் அவ்வளவு தூரம் போயிருக்கமாட்டார் என்பது உண்மை. ஆனால் இந்தப் படைப்பில் எது தீர்க்கப்படாமல் நிற்கிறது என்பதைப் பீத்தோவன் அறிந்துகொண்டு அதைத் தொட்டார். அதற்காகவே, பாணி பொருந்தவில்லை என்று சொல்பவர்களின் நியாயம் தெரிந்தும், நான் அவர் பக்கம் நிற்கிறேன்.

பிராம்ஸும் கிளாரா ஷூமானும் இதே பகுதிக்குக் கடென்சா எழுதியவர்கள். கிளாரா தம்முடையதை அச்சுக்குக் கொடுத்த சமயத்தில், அதில் சில இடங்கள் பிராம்ஸ் முன்பு எழுதியவற்றிலிருந்து வந்தவை என்பதை உணர்ந்து அவருக்கே எழுதினார். பிராம்ஸ் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒருவர் படைப்பின் வெற்றிடத்தில் இன்னொருவர், அவர் கையில் மூன்றாமவரின் சுரங்கள்.

கடென்சா முடிந்து குழு சேர்ந்ததும் இந்தப் பகுதியில் பியானோ திரும்ப வருவதில்லை. கடைசி வார்த்தை இசைக்குழுவுடையது. அதன் உறுமலே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து முடிகிறது. அடுத்த ஆண்டு எழுதிய சி மைனர் கன்செர்டோவில் மோட்சார்ட் வேறு வழியை எடுத்தார்: அங்கே கடென்சாவுக்குப் பிறகும் பியானோ குழுவோடு சேர்ந்து வாசித்து முடிக்கிறது. இந்த ஒரு வேறுபாடே இரண்டு படைப்புகளின் குணத்தையும் பிரித்துக் காட்டிவிடுகிறது.

வாசிப்பவரின் கையில் விட்ட இந்தச் சுதந்திரம் அதிக நாள் நீடிக்கவில்லை. 1809-இல் எழுதிய ஐந்தாவது பியானோ கன்செர்டோவில் பீத்தோவன், கடென்சா வரவேண்டிய இடத்தில், இங்கே கடென்சா வாசிக்காதீர்கள், உடனே அடுத்ததற்குப் போங்கள் என்று குறிப்பு எழுதி, வாசிக்க வேண்டியதைத் தாமே எழுதிவிட்டார். 1844-இல் முடித்த வயலின் கன்செர்டோவில் மெண்டல்சன் கடென்சாவின் இடத்தையே மாற்றினார். முடிவுக்கு முன்னால் அல்ல, நடுப்பங்கு முடிந்து தொடக்க மெட்டு திரும்பும் இடத்துக்கு முன்னால். வயலின் தனியாகச் சுரங்களைச் சிதறிக்கொண்டிருக்க, அதை நிறுத்தாமலே குழு மெட்டோடு உள்ளே வந்துவிடுகிறது. முன்பு தனி வாத்தியத்துக்குக் குழு துணையாக இருந்தது, அங்கே குழுவின் மெட்டுக்கு வயலின் துணையாகிறது. எழுதியவர்களின் பார்வையில் இது இயல்பான வளர்ச்சி. தங்கள் படைப்பின் மிக நுட்பமான இடத்தில் யாரோ ஒருவர் அன்றைய மனநிலைக்கு ஏற்ப எதையோ வாசிப்பதை அவர்கள் விரும்பவில்லை.

ஆனாலும் மோட்சார்ட் கன்செர்டோக்களில் அந்த இடம் திறந்தே இருக்கிறது. அமெரிக்கப் பியானோ கலைஞர் ராபர்ட் லெவின் அதில் எழுதியதை வாசிப்பதில்லை. மேடையிலேயே கடென்சாவைக் கற்பனை செய்து வாசிக்கிறார், இன்று வாசித்தது நாளை வராது. நடத்துநருக்கும் குழுவினருக்கும் அவர் எங்கே போவார், எவ்வளவு நேரம் எடுப்பார் என்று தெரியாது. அவர்கள் வில்லையும் குழலையும் தயாராக வைத்துக்கொண்டு ‘ரி’யில் விழப்போகும் அந்த ட்ரில்லுக்காகக் காது கொடுத்திருக்க வேண்டும். 1785-இல் தாளில் மை முழுக்கக் காய்வதற்குள் மேடையேறிய குழுவினரும் அப்படித்தான் காத்திருந்திருக்க முடியும்.